பிள்ளையின் தொண்டைக்குள் கொப்புளம்: ஹெர்பான்ஜைனாவின் ஒரு வாரம்

குழந்தை தண்ணீர் கேட்கும். டம்ளரை வாயில் வைத்து ஒரு மடக்கு குடித்ததும் முகத்தைச் சுளித்து, டம்ளரைத் தள்ளிவிட்டு அழும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் தண்ணீர் கேட்கும், மறுபடியும் அதே கதை. முந்தின நாள் சாயங்காலம் வரை ஓடி விளையாடிய பிள்ளைக்கு இரவில் திடீரென 103 டிகிரி காய்ச்சல். மூக்கு ஒழுகவில்லை, பெரிதாக இருமலும் இல்லை. ஆனால் எச்சிலை விழுங்காமல் வடிய விடுகிறது. இப்படி ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனால், குழந்தை மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பைக் கீழே வைத்துவிட்டு டார்ச்சை எடுப்பார்.

அவர் தேடுவது முன்வாயில் அல்ல. ஈறு, உதடு, கன்னத்தின் உட்பக்கம் எல்லாம் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். இன்னும் உள்ளே, மேலண்ணத்தின் எலும்பு முடிந்து மெத்தென்று ஆரம்பிக்கும் இடத்தில், உள்நாக்கைச் சுற்றி, டான்சிலுக்கு முன்னால் இரண்டு பக்கமும் திரை மாதிரி இறங்கும் சதைமடிப்பில்தான் விஷயம் இருக்கிறது. கடுகளவில் சாம்பல் கலந்த வெள்ளைக் கொப்புளங்கள், ஒவ்வொன்றையும் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம். எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் பத்துக்குள்தான் இருக்கும், நான்கைந்து மட்டும் இருப்பதும் சகஜம். இதற்குப் பெயர் ஹெர்பான்ஜைனா.

பெயரைப் பார்த்துவிட்டு இணையத்தில் தேடினால் ஹெர்பிஸ் பற்றிய பக்கங்கள்தான் வந்து விழும், பெற்றோர் பதறிப்போவார்கள். இரண்டுக்கும் சம்பந்தமில்லை. ஹெர்பிஸ் வைரஸுக்குக் கொடுக்கும் அசைக்ளோவிர் மருந்தால் இதில் ஒரு பயனும் கிடையாது. இந்த நோயை 1920இல் தனியாகப் பிரித்து எழுதியவர் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் இருந்த ஜான் சஹோர்ஸ்கி என்ற குழந்தை மருத்துவர். 1924இல் அவரே இந்தப் பெயரையும் வைத்தார். எதனால் வருகிறது என்று அவருக்குத் தெரிய வழியில்லை, ஏனென்றால் அந்த வைரஸை அப்போது யாரும் பிரித்தெடுத்திருக்கவில்லை. 1948இல் நியூயார்க் மாநிலத்தின் காக்சாக்கி என்ற சிற்றூரில், போலியோ என்று சந்தேகிக்கப்பட்ட குழந்தைகளின் மலத்தை ஆராயும்போது கில்பர்ட் டால்டார்ஃப், கிரேஸ் சிக்கிள்ஸ் இருவருக்கும் ஒரு புது வைரஸ் கிடைத்தது. ஊர் பெயரே வைரஸின் பெயராயிற்று. மூன்று ஆண்டுகள் கழித்து, 1951இல், ராபர்ட் ஹ்யூப்னரின் குழு சஹோர்ஸ்கி சொன்ன தொண்டைக் கொப்புளத்தையும் காக்சாக்கி ஏ பிரிவு வைரஸ்களையும் சேர்த்து வைத்தது. இன்றைக்குத் தெரிந்தவரை, இதைக் கொண்டுவருவது ஒரே வைரஸ் அல்ல. காக்சாக்கி ஏ பிரிவில் பல வகைகள், சில நேரம் பி பிரிவு, எக்கோ வைரஸ்கள், என்டரோவைரஸ் 71 என்று ஒரு பெரிய குடும்பமே இருக்கிறது. போலியோ வைரஸும் இதே குடும்பம்தான்.

பெற்றோருக்கு இதெல்லாம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் இந்த நோய்க்கு ஒரு கால அட்டவணை உண்டு, அது தெரிந்திருந்தால் பாதிப் பதற்றம் குறையும். அதை ஒரு பிள்ளையை வைத்துப் பார்க்கலாம். இரண்டரை வயதுப் பையன், எடை 12 கிலோ. அங்கன்வாடிக்கோ விளையாட்டுப் பள்ளிக்கோ போகிற வயது. நடப்பதெல்லாம் வழக்கமாக நடப்பதுதான்.

முதல் நாள்: தொண்டையில் ஒன்றும் தெரியாது

வைரஸ் உள்ளே போய் மூன்று முதல் ஆறு நாள் வரை பையனுக்கு ஒன்றும் இருக்காது. அப்புறம் ஒரு சாயங்காலம் உடம்பு கொதிக்கும், 102, 103, சில பிள்ளைகளுக்கு 104 கூட. முனகுவான், மடியை விட்டு இறங்கமாட்டான், ஒன்றிரண்டு முறை வாந்தி எடுப்பான். கொஞ்சம் பெரிய பிள்ளையாக இருந்தால் தலைவலி, கழுத்து வலி, வயிற்று வலி என்று சொல்லும். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை காய்ச்சல் வேகமாக ஏறும்போது சில குழந்தைகளுக்கு வலிப்பு வரும், அது இந்தக் காய்ச்சலிலும் வரலாம்.

அன்று இரவே தூக்கிக்கொண்டு ஓடினால், தொண்டை லேசாகச் சிவந்திருப்பது மட்டுமே தெரியும். கொப்புளம் எழும்ப இன்னும் ஒரு நாள் ஆகலாம். அதனால் "வைரல் காய்ச்சல் மாதிரி இருக்கு, ரெண்டு நாள் பாருங்க" என்று மருத்துவர் சொன்னால் அவர் தவறவிட்டார் என்று அர்த்தமில்லை. மறுநாள் வேறு மருத்துவரிடம் போய், அவர் கொப்புளத்தைப் பார்த்துச் சொன்னதும், "முதல் டாக்டருக்குத் தெரியல" என்று பேசுவது நம் ஊரில் வழக்கம். பல நேரம் இரண்டாவது மருத்துவருக்குக் கிடைத்தது ஒரு நாள் கூடுதல் அவகாசம், அவ்வளவுதான்.

இரண்டாம், மூன்றாம் நாள்: உடைந்த கொப்புளம்

மறுநாள் கொப்புளங்கள் தெரிய ஆரம்பிக்கும். வீட்டில் பார்க்க வேண்டுமென்றால் பையனை உங்கள் மடியில் உட்கார வைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பி, இன்னொருவர் மொபைல் டார்ச்சைப் பிடிக்க, "ஆ" சொல்ல வையுங்கள். அழும்போது வாய் தானாகவே நன்றாகத் திறக்கும், அந்த இரண்டு விநாடியே போதும். கரண்டிக் காம்பை உள்ளே விட்டு நாக்கை அழுத்தத் தேவையில்லை. அந்தக் கொப்புளங்களின் மேல் இடித்தால் அடுத்த ஐந்து நாள் அவன் வாயையே திறக்கமாட்டான்.

கொப்புளம் கொப்புளமாகவே இருக்கும் நேரம் குறைவு. ஒரு நாளுக்குள் மேல்தோல் உடைந்து சின்னப் புண்ணாகும், அளவும் கொஞ்சம் பெரிதாகும். எச்சில் விழுங்கும் ஒவ்வொரு தடவையும் அந்த மெல்லண்ணம் மேலே தூக்கிச் சுருங்க வேண்டும். புண் உட்கார்ந்திருப்பது சரியாக அந்த இடத்தில். அதனால்தான் மெல்லுவதில் பிரச்சினை இல்லாத பிள்ளை விழுங்கும்போது அலறுகிறது. இட்லியை வாயில் வாங்கி வைத்துக்கொண்டு, கடைசியில் வெளியே துப்பிவிடும்.

நம் தென் மாவட்டங்களில் இந்தக் காட்சிக்கு இன்னொரு விளக்கம் தயாராக இருக்கும்: "தொக்கம் விழுந்திருக்கு." சாப்பிட்டது தொண்டையில் மாட்டிக்கொண்டதாம், தொக்கம் எடுப்பவரிடம் போனால் ஊதியோ உறிஞ்சியோ எடுத்துவிடுவாராம். பிள்ளை விழுங்க மறுப்பதும், வாந்தி எடுப்பதும், எச்சில் வடிப்பதும் இந்தக் கதைக்கு நன்றாகவே பொருந்துகிறது. மூன்றாம் நாள் கூட்டிப்போய், நான்காம் நாள் காய்ச்சல் விட்டால், எடுத்தவருக்குத்தான் பெயர். காய்ச்சல் அன்றைக்கு எப்படியும் விட்டிருக்கும். இதே கணக்கில் பெயர் வாங்கும் இன்னொன்று ஆன்டிபயாட்டிக். மூன்றாம் நாள் அமாக்ஸிசிலின் ஆரம்பித்து ஐந்தாம் நாள் பிள்ளை தேறினால், "அந்த சிரப் கொடுத்த பிறகுதான் கேட்டது" என்பார்கள். வைரஸ் மேல் ஆன்டிபயாட்டிக்குக்கு எந்த வேலையும் இல்லை. மிச்சமாவது வயிற்றுப்போக்கு, அதுவும் தண்ணீர் குடிக்காத பிள்ளைக்கு.

நான்காம் நாள்: காய்ச்சல் போய்விட்டது, ஆனால் சாப்பிடவில்லை

பெற்றோரை அதிகம் குழப்புவது இந்த நாள்தான். காய்ச்சல் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு நாளில் இறங்கிவிடும். புண் ஆறுவதற்கோ ஏறக்குறைய ஒரு வாரம் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இரண்டு மூன்று நாள், உடம்பு சில்லென்று இருக்கும் பிள்ளை சோற்றைக் கண்டால் ஓடும். "காய்ச்சல் விட்டும் ஏன் சாப்பிடல, உள்ளுக்குள்ள வேற ஏதோ இருக்கு" என்று ஸ்கேன் வரைக்கும் போகிறவர்கள் உண்டு. பொதுவாக வேறு எதுவும் இருக்காது, புண் இன்னும் மூடவில்லை.

ஆனால் நம் ஊரில் ஒரு விஷயத்தை இங்கே கவனித்தே ஆகவேண்டும். டெங்குவில் ஆபத்து தொடங்குவதும் காய்ச்சல் இறங்கும் இதே நேரத்தில்தான். பிரித்துப் பார்க்க ஒரு நடைமுறை வழி, பிள்ளையின் விளையாட்டைப் பார்ப்பது. ஹெர்பான்ஜைனாவில் காய்ச்சல் இறங்கியதும் பையன் பொம்மைக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான், சாப்பாடு மட்டும்தான் வேண்டாம். டெங்கு மோசமாகும்போது காய்ச்சல் இறங்கியும் பிள்ளை துவண்டு படுத்திருக்கும், வயிறு வலிக்கும், வாந்தி நிற்காது, கை கால் ஜில்லிட்டிருக்கும். தொண்டையில் கொப்புளம் பார்த்தாயிற்று என்பதற்காக இதைத் தள்ளிவைக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஐந்தாம், ஆறாம் நாளில் பையன் தயிர்சாதத்தை இரண்டு வாய் வாங்குவான். ஏழாம் நாள் வாக்கில் புண் இருந்த இடம் தெரியாது, தழும்பும் விழாது.

தண்ணீர்க் கணக்கு

இந்த வாரத்தில் மருத்துவமனையில் படுக்க வைக்கும் காரணம், பெரும்பாலான பிள்ளைகளுக்கு, வைரஸ் அல்ல. தண்ணீர் இறங்காததுதான். அதனால் எது போனாலும் போகட்டும், சாப்பாட்டைக்கூட நான்கு நாள் விட்டுவிடலாம், நீர் மட்டும் இறங்கியாக வேண்டும் என்பது என் கட்சி.

12 கிலோ பிள்ளைக்குச் சாதாரண நாளில் பால், தண்ணீர், கஞ்சி, ரசம் எல்லாம் சேர்த்து 1100 மில்லி அளவுக்கு நீர் தேவை. (முதல் 10 கிலோவுக்குக் கிலோவுக்கு 100 மில்லி, அதற்கு மேல் ஒவ்வொரு கிலோவுக்கும் 50 மில்லி. மருத்துவர்கள் போடும் கணக்கு இதுதான்.) காய்ச்சலில் இன்னும் கொஞ்சம் கூடும். தொண்டைப் புண்ணோடு இருப்பவனிடம் ஒரு டம்ளரை நீட்டினால் நடக்காது. மருந்து குடிக்கும் சின்ன மூடியோ ஊசியில்லாத சிரிஞ்சோ எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை 5 மில்லி, அதாவது ஒரு டீஸ்பூன், கன்னத்தின் ஓரமாக விடுங்கள். மணிக்கு 60 மில்லி ஆயிற்று. விழித்திருக்கும் 12 மணி நேரத்தில் 720 மில்லி. அவன் ஒத்துழைக்கும் நேரத்தில் அதையே 10 மில்லியாக்கினால் கணக்கு தானாக நிரம்பிவிடும். கார்ட்டூன் ஓடிக்கொண்டிருக்கும்போது செய்தால் பாதிச் சண்டை மிச்சம். இந்த ஒரு வாரம் டி.வி. விஷயத்தில் கண்டிப்பு வேண்டாம்.

எதைக் கொடுப்பது? குளிர்ந்தது எதுவும் புண்ணை மரக்க வைக்கும். குளிர்ந்த பால், ஆறிய ராகிக் கூழ், ஜவ்வரிசிக் கஞ்சி, புளிக்காத தயிரைக் கடைந்தது, இளநீர், ஐஸ்கிரீம். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, ஃப்ரீசரில் குச்சி ஐஸாக உறைய வைத்தும் கொடுக்கலாம். இங்கேதான் வீட்டில் ஒரு தகராறு கிளம்பும். "காய்ச்சல்ல கிடக்கிற பிள்ளைக்கு ஐஸா? சளி கட்டிக்கிட்டா யாரு பாக்குறது?" என்பார் பாட்டி. "டாக்டர்தான் குடுக்கச் சொன்னாரு, அத்தை" என்று மருமகள் மெல்லச் சொல்வாள். பாட்டி டாக்டரையும் சேர்த்துத் திட்டுவார். ஐஸ்கிரீமால் இந்த நோய் கூடாது, சளியும் கட்டாது. பாட்டி ஆசையாக வைத்துத் தரும் மிளகு ரசமும், பழ ஜூஸ் என்று பிழிந்த சாத்துக்குடியும்தான் புண்ணில் பட்டுக் காந்தும். புளிப்பு, காரம், சூடு, மொறுமொறுப்பு நான்கையும் இந்த வாரம் ஒதுக்கிவையுங்கள், முறுக்கும் பிஸ்கட்டும் உட்பட. புண் ஆற்றும் என்று ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தேன் தடவுவது ஆபத்து, போட்டுலிசம் என்னும் கொடிய நச்சு நோய் வரலாம்.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தை மார்பைப் பிடித்து இரண்டு உறிஞ்சு உறிஞ்சிவிட்டு அழுதால், பால் பிடிக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். உறிஞ்சும்போது வலிக்கிறது. பாலைப் பீய்ச்சி ஸ்பூனிலோ பாலாடையிலோ கொடுத்துப் பாருங்கள்.

உள்ளே போனது போதுமா என்பதை மில்லியை வைத்துப் பார்ப்பதைவிடச் சிறுநீரை வைத்துப் பார்ப்பது சுலபம். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது போனால், நிறம் வெளிறிய மஞ்சளாக இருந்தால், சமாளிக்கிறான் என்று அர்த்தம். எட்டு மணி நேரமாகப் போகவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, நாக்கு வறண்டு ஒட்டுகிறது, கண் குழி விழுந்திருக்கிறது என்றால் வீட்டில் முயன்றது போதும். ஓர் இரவு டிரிப் ஏற்றினால் பெரும்பாலும் மறுநாளே பிள்ளை முகம் மாறிவிடும்.

வலிக்குக் கொடுக்கும் மருந்து

இந்த நோயில் பாராசிட்டமால் காய்ச்சலுக்கு மட்டும் அல்ல. காய்ச்சல் விட்ட பிறகும், புண் ஆறும் வரை, வலிக்காக அதைக் கொடுக்கலாம். தெர்மாமீட்டர் 99 காட்டுகிறது என்று நான்காம் நாள் நிறுத்திவிடுவதால்தான் பல பிள்ளைகள் அன்றைக்குப் பட்டினி கிடக்கின்றன. மருந்து கொடுத்து அரை மணி, முக்கால் மணி நேரம் கழித்து வலி மட்டுப்பட்டிருக்கும். கஞ்சியோ பாலோ கொடுக்க அதுதான் நேரம். மருந்தையும் சாப்பாட்டையும் ஒரே மூச்சில் திணித்தால் இரண்டும் வெளியே வரும்.

அளவு எடையை வைத்து. ஒரு தடவைக்கு ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை, ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு நான்கு தடவைக்கு மிகாமல். நம் 12 கிலோ பையனுக்கு 180 மில்லிகிராம். இதுவரை எளிது, சிக்கல் பாட்டிலில் இருக்கிறது. கடையில் 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பும் கிடைக்கிறது, அதே 5 மில்லியில் 250 உள்ளதும் கிடைக்கிறது. ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும் சொட்டு மருந்தும் உண்டு. முதல் பாட்டிலில் பையனுக்கு 7.5 மில்லி சரி. அதே 7.5 மில்லியை 250 பாட்டிலில் இருந்து ஊற்றினால் 375 மில்லிகிராம், இரு மடங்குக்கு மேல். அதில் அவனுக்கு வேண்டியது 3.6 மில்லிதான். சொட்டு மருந்தில் 1.8 மில்லி. போன தடவை எத்தனை மூடி கொடுத்தோம் என்ற ஞாபகத்தில் கொடுக்காமல், ஒவ்வொரு தடவையும் லேபிளைப் படித்துவிட்டுக் கொடுங்கள். வாயில் எதுவும் நிற்காத பிள்ளைக்கு ஆசனவாயில் வைக்கும் பாராசிட்டமால் இருக்கிறது, மருத்துவரைக் கேட்டு வாங்கலாம்.

இபுபுரூஃபென் வலிக்கு நன்றாகவே கேட்கும் மருந்து. ஆனாலும் டெங்கு சுற்றிக்கொண்டிருக்கும் ஊரில், ரத்தப் பரிசோதனைக்கு முன்னால், அதுவும் உடம்பில் நீர் குறைந்த பிள்ளைக்கு, அதை நாமாக எடுத்துக் கொடுக்காமல் இருப்பது நல்லது. டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவைக் கூட்டும், நீர் வற்றியிருந்தால் சிறுநீரகத்துக்குச் சுமை. ஆஸ்பிரின் குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். வைரஸ் காய்ச்சலில் அது ரெய் நோய்க்குறி என்னும் கல்லீரல், மூளை பாதிப்பைக் கொண்டுவரலாம்.

வாய்ப்புண்ணுக்குத் தடவும் மரப்பு ஜெல்லை எல்லா மருந்துக்கடையிலும் எடுத்துக் கொடுப்பார்கள். இங்கே புண் இருப்பது விரல் எட்டாத இடம். ஜெல் முன்வாயில் பட்டுவிட்டு எச்சிலோடு வயிற்றுக்குள் போகும். அதில் மரக்கவைக்கும் மருந்தான லிக்னோகெய்ன் இருந்து குழந்தை அதிகமாக விழுங்கினால் வலிப்பும் இதயத் துடிப்புக் கோளாறும் வரலாம். சாலிசிலேட் இருந்தால் அது ஆஸ்பிரினின் உறவு. கொப்பளிக்கும் மருந்து, கொப்பளித்துத் துப்பத் தெரிந்த வயதுக்குத்தான்.

வேறு என்னவாக இருக்கலாம்

புண் எங்கே இருக்கிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ஈறு வீங்கி, சிவந்து, தொட்டால் ரத்தம் கசிந்து, உதடு வரை கொப்புளம் வந்திருந்தால் அது நிஜமான ஹெர்பிஸ் வைரஸின் முதல் தாக்குதலாக இருக்கலாம். அது ஒரு வாரத்தில் போகாது, பத்து நாள், இரண்டு வாரம் இழுக்கும், அசைக்ளோவிருக்கு வேலை இருப்பதும் அங்கேதான். வாய்ப்புண்ணோடு உள்ளங்கை, உள்ளங்கால், புட்டம் எல்லாம் கொப்புளம் என்றால் கை-கால்-வாய் நோய். அதற்கும் இதற்கும் வைரஸ் குடும்பம் ஒன்றே, ஒரே வீட்டில் அண்ணனுக்கு அதுவும் தம்பிக்கு இதுவும் வருவது உண்டு. டான்சில் வீங்கி, மேலே சீழ் படிந்து, கழுத்தில் நெறி கட்டி, கொப்புளம் இல்லாமல் இருந்தால் பாக்டீரியாவைச் சந்தேகிக்கலாம், ஆன்டிபயாட்டிக் அங்கே உதவும். அது பள்ளிக்கூட வயதில்தான் அதிகம்.

எச்சில் வடிவதில் ஒரு எச்சரிக்கை. மூச்சை இழுக்கும்போது கரகர சத்தம் வருகிறது, பிள்ளை முன்னால் குனிந்து தாடையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, கழுத்தைத் திருப்ப மறுக்கிறது என்றால் அது மூச்சுப்பாதை அடைப்பாகவோ தொண்டைக்குப் பின்னால் கட்டிய சீழாகவோ இருக்கலாம். வாயைத் திறந்து பார்க்கும் வேலையே வேண்டாம், நேராக மருத்துவமனைக்கு.

அபூர்வமாக வரும் மோசமான வகை

இந்தக் குடும்பத்தில் என்டரோவைரஸ் 71 என்று ஒன்று இருக்கிறது என்று சொன்னேன். 1998இல் அது தைவானில் என்ன செய்தது என்பது குழந்தை மருத்துவத்தில் மறக்கப்படாத பாடம். அந்த ஆண்டு அங்கே கை-கால்-வாய் நோயும் ஹெர்பான்ஜைனாவும் சேர்த்து 1,29,106 நோயாளிகள் பதிவானார்கள். 405 பேருக்கு நோய் கடுமையானது. 78 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். வைரஸ் மூளைத்தண்டைத் தாக்கியதும், அதைத் தொடர்ந்து நுரையீரலில் நீர் கோத்ததும்தான் பல மரணங்களுக்குக் காரணம்.

அங்கிருந்து வந்த அபாய அறிகுறிகளைத்தான் இன்றும் கற்பிக்கிறார்கள். தூக்கத்தில் காரணமில்லாமல் திடுக்கிட்டு உடம்பு துள்ளுவது, அதுவும் திரும்பத் திரும்ப. எழுப்பினாலும் சரியாக விழிக்காத மயக்கம், கை காலில் பலவீனம், நடையில் தள்ளாட்டம். நிற்காத வாந்தி. காய்ச்சல் அதிகம் இல்லாதபோதும் வேகமான மூச்சும் நெஞ்சுத் துடிப்பும். இவை பெரும்பாலும் நோயின் முதல் சில நாட்களுக்குள்ளேயே தலைகாட்டும், எனவே மூன்றாம் நாள் இரவு பிள்ளையின் பக்கத்திலேயே படுத்துக்கொள்வது வீண் பயமாகாது. இந்த வைரஸுக்கு எதிரான தடுப்பூசிக்குச் சீனா 2015இல் அனுமதி தந்தது. காக்சாக்கி ஏ வகைகளை அது தடுக்காது.

பிறந்து ஒரு மாதத்துக்குள் இருக்கும் பச்சைக்குழந்தை அதே வீட்டில் இருந்தால் அதை நோய் வந்த பிள்ளையிடமிருந்து தள்ளியே வையுங்கள். அந்த வயதில் இந்த வைரஸ்கள் கல்லீரலையும் இதயத்தையும் கூடத் தாக்கும். பிரசவ தேதி நெருங்கிய கர்ப்பிணி இருந்தால் அவரும் தன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைக்கலாம்.

எப்போது பள்ளிக்கு அனுப்பலாம்

எச்சில், சளி, மலம், இந்த மூன்று வழியாகத்தான் இது பரவுகிறது. ஒரே ஸ்பூன், வாயில் போட்டுவிட்டுக் கீழே வைத்த பொம்மை, டயப்பர் மாற்றிய கை. தொண்டையிலிருந்து ஒன்று முதல் மூன்று வாரம் வரை வைரஸ் வெளியேறும், மலத்தில் பல வாரங்கள் தொடரும். பையன் முழுதாகக் குணமாகி ஓடிக்கொண்டிருக்கும்போதும் அவன் டயப்பரில் வைரஸ் இருக்கும். அத்தனை நாள் வீட்டில் வைத்திருப்பது யாராலும் ஆகாது. எனவே மருந்து கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லை, எச்சில் வடியவில்லை, ஓரளவு சாப்பிடுகிறான் என்றால் அனுப்பலாம் என்பதே நடைமுறை. பள்ளியில் ஆயாவிடம், கழிப்பறைக்குக் கூட்டிப்போனால் சோப்பு போட்டுக் கை கழுவச் சொல்லிவிட்டால் போதும்.

சோப்பு என்று குறிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. கொரோனா காலத்திலிருந்து கைப்பையில் சானிடைசர் வைத்துக்கொள்ளும் பழக்கம் நமக்கு வந்துவிட்டது. கொரோனா வைரஸுக்கு வெளியே கொழுப்பு உறை இருக்கிறது, ஆல்கஹால் அதைக் கரைத்துவிடும். ஹெர்பான்ஜைனாவைக் கொண்டுவரும் இந்த என்டரோவைரஸ் குடும்பத்துக்கு அந்த உறையே கிடையாது, அதனால் சானிடைசர் இவற்றிடம் அவ்வளவாகச் செல்லுபடியாகாது. சோப்பும் ஓடும் தண்ணீரும் கையிலிருந்து வைரஸைத் தேய்த்து அகற்றிவிடும். பொம்மை, தரை, கழிப்பறைக்குக் குளோரின் கலந்த ப்ளீச்.

தங்கைக்கோ அண்ணனுக்கோ வருமா என்றால், வரலாம். பையனுக்குக் காய்ச்சல் வந்த நாளிலிருந்து ஒரு வாரம் கவனியுங்கள். பெரியவர்களுக்கு வந்தால் லேசான தொண்டை வலியோடு போய்விடும், பலருக்கு வந்ததே தெரியாது. பையனுக்கே திரும்ப வரலாமா என்றால் அதுவும் வரலாம். இந்தத் தடவை வந்த வகைக்கு மட்டும்தான் அவனுக்கு எதிர்ப்புச் சக்தி கிடைத்திருக்கிறது, மற்ற வகைகள் அவனுக்கு இன்னும் புதியவை. நம்மைப் போன்ற வெப்பநாட்டில் இவை ஆண்டு முழுக்கச் சுற்றிக்கொண்டேதான் இருக்கின்றன.